பார்க்கிங்கை காலி செய்யும் கடிதம்: தேதியில் செய்யும் தவறுகள்

சென்னையில் வீட்டில் கார் நிறுத்த இடமில்லாமல், பக்கத்துத் தெருவில் யாருடைய காம்பவுண்டுக்குள்ளாவது மாத வாடகைக்கு இடம் பிடித்திருப்பவர்கள் நிறைய பேர். பிடிக்கும்போது பேச்சோடு முடிந்துவிடும். விடும்போதுதான் ஒரு மாத வாடகை எங்கே போனது என்ற சண்டை வரும். நானும் ஒருமுறை அப்படித்தான் ஏமாந்தேன். "அடுத்த மாசத்தோட காலி பண்றேன் சார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஓனர் அதை அடுத்த மாதம் முடியும் வரை என்று எடுத்துக்கொண்டார். நான் நினைத்தது அடுத்த மாதம் பிறக்கும் வரை.

முதல் தவறு இதுதான்: தேதி போடாமல் "ஒரு மாதத்தில்" என்று எழுதுவது. எந்த நாளிலிருந்து ஒரு மாதம்? கடிதம் எழுதிய நாளா, அவர் கைக்குப் போன நாளா? எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நோட்டீஸ் காலம்தான் கணக்கு. ஒன்றும் எழுதிக்கொள்ளாத மாத வாடகைக்கு, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவு 15 நாள் நோட்டீஸ் போதும் என்கிறது. அந்த நாள்களும் நோட்டீஸ் அவருக்குக் கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆகவே கடிதத்தில் எழுதிய தேதியை மட்டும் நம்பாதீர்கள். நேரில் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அவர் வெளியூரில் இருந்தால் ஸ்பீடு போஸ்ட் ரசீதையும், டெலிவரி ஆன விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது தவறு பணத்தோடு சம்பந்தப்பட்டது. கடைசியாகப் பணம் கட்டும் தேதியும் இடத்தை விடும் தேதியும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை 3,100 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அந்த மாதத்துக்கான வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், நோட்டீஸ் 30 நாள். ஜூன் 12 அன்று கடிதத்தைக் கையில் கொடுக்கிறீர்கள். மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூனில் 18 நாள், ஜூலையில் 12 நாள். ஆக, கடைசி நாள் ஜூலை 12. ஆனால் கடைசியாகப் பணம் கட்டும் தேதி ஜூலை 5.

அந்த ஜூலை 5-இல் எவ்வளவு கட்டுவது? நாள் கணக்கு என்றால் ஒரு நாளைக்கு 100 ரூபாய், 12 நாளுக்கு 1,200. ஆனால் நாள் கணக்கு தானாக வராது. "மாதம் பிறந்தால் முழு வாடகை" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 3,100 ரூபாயும் கட்டத்தான் வேண்டும். அப்படியானால் பேசாமல் ஜூலை 31 என்றே கடிதத்தில் எழுதி, கட்டிய காசுக்கு வண்டியையாவது நிறுத்திக்கொள்ளலாம். நாள் கணக்குக்கு ஓனர் சம்மதித்தால், அந்தத் தொகையைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, தங்கள் காம்பவுண்டில் மாடிப்படி ஓரமுள்ள 3-ஆம் எண் பார்க்கிங் இடத்தை மாத வாடகைக்குப் பயன்படுத்தி வருகிறேன். 30 நாள் நோட்டீஸாக இந்தக் கடிதத்தை இன்று, ஜூன் 12, தங்களிடம் நேரில் கொடுக்கிறேன். ஜூலை 12 மாலைக்குள் காரை எடுத்துவிடுவேன். ஜூலை 1 முதல் 12 வரை நாம் பேசியபடி 1,200 ரூபாயை ஜூலை 5 அன்று செலுத்துவேன். அதுவே கடைசி வாடகை. கேட் ரிமோட்டை ஒப்படைக்கும்போது அட்வான்ஸ் 6,200 ரூபாயைத் திருப்பித் தர வேண்டுகிறேன்."

"கடைசி மாதத்தை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நாமாகவே எழுதுவது இன்னொரு தவறு. ஓனர் ஒப்புக்கொள்ளாதவரை அது வாடகை பாக்கிதான். அப்புறம் கேட்டில் இடித்த கீறல், தொலைந்த ரிமோட் என்று ஏதாவது வந்தால், பாக்கி வைத்தவர் பக்கம் பேச்சே எடுபடாது.

யூபிஐ ஆட்டோபே போட்டிருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிதம் கொடுத்த கையோடு அதை நிறுத்தினால் ஜூலைப் பணம் போகாது. அப்படியே விட்டால் ஜூலை 5-இல் 1,200-க்குப் பதில் 3,100 போய்விடும், ஆகஸ்டிலும் போகும். எனவே ஜூலை 5-க்கு முன்பே ரத்து செய்துவிட்டு, அன்று 1,200 ரூபாயைக் கையால் அனுப்பி, குறிப்பில் "ஜூலை 1–12 பார்க்கிங், கடைசி வாடகை" என்று எழுதுங்கள்.

கார் போய்விட்டாலே காலி செய்தாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். பழைய டயர், கார் கவர், வாளி என்று ஏதாவது மூலையில் கிடந்தால், "இன்னும் இடத்தை விடவில்லையே" என்று ஓனர் கேட்பார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் இடத்தை ஒரு போட்டோ எடுத்து அன்றே அவருக்கு அனுப்புங்கள். ரிமோட்டைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வராமல், ஓனர் கையிலேயே கொடுங்கள்.