2^100-ஐ 28-ஆல் வகுத்தால் மீதி 16-ஆ, 2-ஆ?

வர்க்கப்படுத்திப் போனபோது 2^10-க்கு மீதி 16, 2^20-க்கு 4, 2^40-க்கு 16, 2^80-க்கு 4 என்று வந்தது. 80-ஐயும் 20-ஐயும் சேர்த்தால் 4 × 4, அதாவது 16. சரி, சுழற்சியை வைத்தும் பார்த்துவிடலாம் என்று அடுக்கு 1-லிருந்து மீதிகளை வரிசையாக எழுதினேன்:

2, 4, 8, 16, 4, 8, 16, ...

சுழற்சி நீளம் 3, 100-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1, அப்படியானால் விடை முதல் உறுப்பான 2 என்றல்லவா ஆகிறது!

சிக்கல் அந்த முதல் 2-தான், அது திரும்ப வருவதே இல்லை. 2-க்கும் 28-க்கும் பொதுக் காரணி இருப்பதால் சுழற்சி இரண்டாம் அடுக்கில்தான் தொடங்குகிறது, ஆகவே எண்ணிக்கையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். 100 − 2 = 98, அதை 3-ஆல் வகுத்தால் மீதி 2; 4-லிருந்து இரண்டு படி தள்ளினால் 16. அப்புறம், 2^100, 28 இரண்டுமே 4-ஆல் வகுபடும் என்பதால் மீதியும் வகுபட்டாக வேண்டும், அதிலேயே 2 அடிபட்டுப் போகிறது.