டிஷ்வாஷர் விளம்பரம்: மனசைத் தொடுவதா, கணக்குக் காட்டுவதா?

நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளை யாரும் ஒரு விளம்பரத்தைப் பார்த்தவுடன் வாங்குவதில்லை. வீட்டில் பேசி, பக்கத்து வீட்டில் விசாரித்து, ஷோரூமுக்கு இரண்டு தடவை போய்வந்து, அப்புறம்தான் முடிவு. அதனால் உணர்வைத் தொடுவதா, தகவலைச் சொல்வதா என்று விளம்பரம் முழுவதற்கும் ஒரே பதிலைத் தேடுவதுதான் முதல் தவறு. வாங்குபவர் அந்த வழியில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

1980-இல் ரிச்சர்ட் வான் என்ற அமெரிக்க விளம்பரக்காரர், பொருள்களை யோசித்து வாங்குபவை, உணர்ந்து வாங்குபவை என்று கட்டம் போட்டுப் பிரித்தார். விலை உயர்ந்த வீட்டுச் சாதனங்களை வழக்கமாக யோசித்து வாங்கும் கட்டத்தில்தான் வைப்பார்கள். இதை அப்படியே எடுத்துக்கொண்டு பலரும் விளம்பரத்தில் விவரப் பட்டியலை அடுக்கிவிடுகிறார்கள். டிஷ்வாஷர் விளம்பரம் என்றால் ‘14 பிளேஸ் செட்டிங், 8 புரோகிராம், இன்வெர்ட்டர் மோட்டார்’ என்று வரும். வாங்குபவர் யோசிப்பது உண்மைதான். ஆனால் அவர் யோசிப்பது இதைப் பற்றி இல்லையே. பிளேஸ் செட்டிங் என்பது ஒருவர் சாப்பிடத் தேவையான தட்டு, கிண்ணம், கரண்டி அடங்கிய ஒரு தொகுப்பு. நம் வீட்டில் குக்கரும் கடாயும் குழம்புச் சட்டியும்தான் இடத்தை அடைக்கும். ‘எங்க கடாய் இதுல அடங்குமா, அடிப்பிடிச்ச பால் பாத்திரம் சுத்தமாகுமா, தண்ணி நிறைய குடிக்குமா?’ என்பவைதான் அவருடைய சந்தேகங்கள்.

அதே தகவலை அவருக்குத் தெரிந்த அளவில் சொன்னால் போதும். பல மாடல்கள், தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கிற ‘ஈகோ’ ஓட்டம் ஒன்றுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர்தான் எடுக்கும். ‘ஒரு ஓட்டத்துக்கு 10 லிட்டர்’ என்பதைவிட ‘இரவுப் பாத்திரம் மொத்தத்துக்கும் ஒரு வாளிக்குள் தண்ணீர்’ என்று எழுதினால், டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு உடனே புரியும். எந்த மாடல், எந்த ஓட்டம் என்பதைப் பக்கத்திலேயே தெளிவாகப் போட வேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்துக்கான ஓட்டத்தில் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும்.

எதிர்ப்பக்கத் தவறு, பொருளோடு ஒட்டாத உருக்கம். அம்மா கண் கலங்குகிறார், மகன் கட்டிப்பிடிக்கிறான், கடைசி இரண்டு நொடியில் மெஷின் வருகிறது. மெஷினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சேலையோ காப்பீட்டுப் பாலிசியோ வைத்தாலும் கதை அப்படியே நிற்கும். இதை நான் ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன்: பொருளை மாற்றினாலும் கதை உடையவில்லை என்றால் அந்த உணர்வு பொருளை விற்காது. குற்ற உணர்ச்சியைத் தூண்டுவது இன்னும் மோசம். ‘இன்னுமா அம்மாவைப் பாத்திரம் தேய்க்க விடுறீங்க?’ என்று கேட்டால், தேய்க்கிற அம்மாவுக்கே கோபம் வரும்.

உணர்வும் தகவலும் ஒரே முடிச்சில் விழுந்ததற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் மேடேக் நிறுவனம். 1967-இல் அவர்கள் வாஷிங் மெஷின் விளம்பரத்தில், யாரும் ரிப்பேருக்குக் கூப்பிடாததால் தனிமையில் வாடும் மெக்கானிக் ஒருவரைக் காட்டினார்கள். பார்ப்பவருக்கு அவர்மேல் பரிவு வருகிறது. ஏன் வாடுகிறார் என்று நினைத்தாலே ‘இந்த மெஷின் பழுதாகாது’ என்ற தகவல் மனதில் பதிந்துவிடுகிறது.

டிஷ்வாஷருக்கு இதை எப்படிச் செய்வது? டிவி விளம்பரத்தில் ஒரே காட்சி போதும்: இரவு ஒன்பதரை, விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள், எண்ணெய்க் கடாய் உள்ளே போகிறது, கதவு மூடுகிறது, வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போகிறார்கள். கடாய் அடங்கும் என்ற தகவலும் கிடைத்த ஓய்வும் ஒன்றாகவே வந்துவிடும். ஷோரூம் நோட்டீஸில் அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்ட வேண்டாம். அங்கே நிற்பவர் ஏற்கெனவே ஆசைப்பட்டுத்தான் வந்திருக்கிறார். வீட்டில் போய்ச் சொல்ல அவருக்குக் காரணம் வேண்டும். தண்ணீர், மின்சாரம், மாதத் தவணை, சர்வீஸ், இதற்கென உள்ள சோப்பு, உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் போட வேண்டிய மெஷின் உப்பு, எல்லாவற்றுக்கும் மாதம் எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுங்கள்.

பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்று, என்ன போடக்கூடாது என்ற பட்டியல். அலுமினியப் பாத்திரம் அந்தச் சோப்பின் காரத்தில் கறுத்துப்போகும். இரும்புத் தோசைக்கல்லில் பழகிய எண்ணெய்ப் பூச்சு போய்த் துரு பிடிக்கும். மண்சட்டி, மரக்கரண்டியும் ஆகாது. ‘எல்லாப் பாத்திரமும் பளபளக்கும்’ என்று உருக்கத்தில் சொல்லிவிட்டால், முதல் வாரமே இட்லிப் பானை கறுத்து, அந்தக் குடும்பம் பத்துப் பேரிடம் சொல்லும். இந்தப் பட்டியலை நோட்டீஸின் முன்பக்கத்திலேயே, தண்ணீர்க் கணக்கு இருக்கும் அதே எழுத்தளவில் போடுங்கள். எவர்சில்வர் அதிகம் புழங்கும் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தைரியமாகவே வாங்குவார்.