அனுப்பிய வேலையில் பிழை: வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது, திருத்திய நேரத்தை எப்படிக் கணிப்பது

வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலை செய்து கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எக்செல் தெரியும், வட்ஸ்அப்பில் வாடிக்கையாளரோடு கதைப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எனக்கு நடந்தது இது. லண்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாவுக்கு 640 பொருட்களின் விலைப்பட்டியல் செய்து கொடுத்தேன். ஓகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு அனுப்பினேன். திங்கட்கிழமை யாழ்ப்பாண நேரம் பிற்பகல் இரண்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "தம்பி, ஒரு கிலோ மிளகாய்த்தூள் எப்படியடா கால் கிலோ விலைக்குப் போகுது?"

பைலைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. கால் கிலோ பக்கற்றின் 1.35 பவுண் ஒரு கிலோ பக்கற்றுக்கும் விழுந்திருந்தது.

முதல் செய்தி: பாவிக்க வேண்டாம்

இந்த நேரத்தில் கை தானாகவே எக்செல் பக்கம் போகும். போகவிடாதீர்கள். நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும்போது அங்கே ஒருவர் அந்தப் பட்டியலை வைத்து லேபல் அடித்துக்கொண்டிருப்பார். அதனால் காரணம் தெரியாவிட்டாலும், பிழை இருப்பது உறுதியாகிப் பத்து நிமிடத்துக்குள் முதல் செய்தி போக வேண்டும். நான் 2:12க்கு அனுப்பியது:

> அண்ணா, நான் வெள்ளிக்கிழமை அனுப்பின விலைப்பட்டியலில் பிழை இருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பைலைப் பாவிக்க வேண்டாம், லேபல் அடிப்பதையும் நிறுத்தி வையுங்கள். எத்தனை பொருளில் பிழை, எப்போது திருத்தித் தருவேன் என்பதை லண்டன் நேரம் காலை 10:30க்குள் சொல்கிறேன்.

இதில் திருத்திய பைல் எப்போது வரும் என்ற வாக்கு இல்லை. அந்த வாக்கு எப்போது வரும் என்பது மட்டுமே இருக்கிறது. பிழை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாமல் "ஒரு மணித்தியாலத்தில் தாறன்" என்று எழுதுவது வெட்கத்தில் வருகிற வாக்கு. முன்பெல்லாம் நானும் அப்படித்தான் எழுதுவேன்.

"சின்னப் பிழை" என்றும் எழுதாதீர்கள். அது சின்னதா பெரிதா என்பது கடைக்காரரின் கல்லாவுக்குத்தான் தெரியும்.

பிழை எத்தனை இடத்தில்?

வாடிக்கையாளர் காட்டியது ஒரு பொருள். அந்த ஒன்றை மட்டும் திருத்தி அனுப்பினால் நாளைக்கு இன்னொன்றோடு போன் வரும். ஆகவே காரணத்தைப் பிடிக்க வேண்டும். நான் எழுதியிருந்த சூத்திரம் இது:

```
=VLOOKUP(A2,Sheet2!A:B,2)
```

கடைசியில் `FALSE` போட மறந்துவிட்டேன். அதைப் போடாவிட்டால் எக்செல் கிட்டத்தட்டப் பொருந்துவதையும் ஏற்றுக்கொள்ளும். Sheet2இல் நான் வைத்திருந்த சப்ளையரின் விலைப்பட்டியல் கோட் வரிசையில் இருந்தது. அதில் 1046 கால் கிலோ மிளகாய்த்தூள். ஒரு கிலோ பக்கற்றின் கோட் 1047, அது கடையில் புதிது, சப்ளையரின் பட்டியலில் இல்லை. எக்செல் 1047ஐத் தேடியது, கிடைக்கவில்லை, அதற்கு முந்திய 1046இன் விலையை எடுத்துப் போட்டுவிட்டது. பிழை என்று எந்த அடையாளமும் காட்டாது. விலை மாதிரித்தான் தெரியும்.

சரியானது:

```
=VLOOKUP(A2,Sheet2!A:B,2,FALSE)
```

இப்படி மாற்றியவுடன் பட்டியலில் இல்லாத ஒவ்வொரு பொருளிலும் `#N/A` வந்தது. எண்ணினால் 23. அதாவது 23 பொருட்களுக்குச் சப்ளையர் விலையே தரவில்லை. இது முக்கியமான செய்தி, ஏனென்றால் இந்த 23 விலையையும் என்னால் திருத்த முடியாது, கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

(ஒரு வாசகர் கேட்டார், `XLOOKUP` பாவித்தால் இந்தச் சிக்கல் வராதே என்று. உண்மைதான், அது தானாகவே சரியான பொருத்தத்தை மட்டும்தான் தேடும். ஆனால் பழைய எக்செல்லில் அது இல்லை, அந்த அண்ணாவின் கடைக் கொம்பியூட்டர் பழசு. நான் இன்னும் `VLOOKUP`தான், `FALSE`ஓடு.)

நேரம்: நான் விழுந்த இடம்

நேரத்தை நினைத்துச் சொல்லாமல் அளந்து சொல்ல வேண்டும். சூத்திரத்தைத் திருத்த ஐந்து நிமிடம் போதும், அதை வைத்து நேரம் சொல்கிறவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள். வேலையைத் தின்பது சரிபார்ப்பு. முதல் 30 வரியைச் சப்ளையரின் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன், 6 நிமிடம் எடுத்தது. அந்தக் கணக்கில் 640 வரிக்கு 128 நிமிடம். சூத்திரம், ஒழுங்குபடுத்தல், அனுப்புதல் எல்லாவற்றுக்கும் இன்னொரு 30 நிமிடம். மொத்தம் இரண்டு மணித்தியாலம் நாற்பது நிமிடம். கரண்ட் போகலாம், யாராவது வரலாம் என்று ஒரு மணித்தியாலம் சேர்த்தேன். மூன்று மணிக்குத் தொடங்கினால் 6:40. அதற்கு மேலும் கொஞ்சம் விட்டு இரவு 7:30 என்று முடிவு செய்தேன்.

இதுவரை சரி. பிறகு அதை லண்டன் நேரத்துக்கு மாற்றினேன். ஐந்தரை மணித்தியால வித்தியாசம் என்று மனப்பாடம், அதனால் பிற்பகல் 2 மணி என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஓகஸ்டில் வித்தியாசம் ஐந்தரை இல்லை, நாலரை. பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னுக்கு எடுப்பார்கள். நாங்கள் மணிக்கூட்டைத் தொடுவதில்லை. ஆகவே அன்றைக்கு லண்டன் 2 மணி என்றால் எங்களுக்கு 6:30. நான் சேர்த்து வைத்த மிச்ச நேரத்தில் ஒரு மணித்தியாலம் இந்த ஒரு கழித்தலில் போய்விட்டது.

போதாததற்கு அன்று அரை மணித்தியாலம் கரண்ட் இல்லை. சரிபார்க்க உதவிக்குக் கூப்பிட்ட நண்பன், நல்லூர்த் திருவிழாவுக்காக வீதி மறித்திருந்தபடியால் சுற்றிவளைத்துப் பிந்தி வந்தான். 6:45க்குப் போன்: "தம்பி, ரெண்டு மணி தாண்டியிட்டுது. லேபல் அடிக்கிற பெடியன் சும்மா நிக்கிறான்."

விலை பிழைத்ததற்கு அவர் இவ்வளவு கோபப்படவில்லை. நேரம் பிழைத்ததற்குத்தான் கோபப்பட்டார். உடனே லண்டன் 3 மணி என்று புதிய நேரம் கொடுத்து, 2:50க்கு அனுப்பினேன்.

இப்போது நான் மனக்கணக்குப் போடுவதில்லை. போனில் இருக்கும் உலக மணிக்கூட்டில் வாடிக்கையாளரின் ஊரைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துத்தான் எழுதுவேன். இதற்கென்று தனிச் செயலி தேவையில்லை. கனடாவுக்கு வேலை செய்கிறவர்கள் கவனிக்க: ரொறன்ரோவில் மணி மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். லண்டனோடு ஒரே நாளில் மாறாது. கோடையில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம், குளிரில் பத்தரை.

இரண்டாவது செய்தி

அன்று நான் அனுப்பியது குழப்பமானது. இப்போது எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

> அண்ணா, 640 பொருட்களில் 23க்கு விலை பிழை. சப்ளையரின் பட்டியலில் இல்லாத பொருட்களுக்குப் பக்கத்துப் பொருளின் விலை விழுந்துவிட்டது. இது என் பிழை, மன்னிக்கவும். 23 கோட்களும் கீழே இருக்கின்றன. சனி, ஞாயிறு பில்களில் இப்போதைக்கு இவற்றைப் பாருங்கள். மற்ற 617உம் சரியாகத் தெரிகின்றன, ஆனாலும் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கிறேன்.
>
> திருத்திய பட்டியல் இன்று திங்கள், லண்டன் நேரம் பிற்பகல் 3:00க்கு (யாழ்ப்பாணம் இரவு 7:30) வரும். அதில் அந்த 23 இடமும் வெறுமையாக இருக்கும். அவற்றின் விலை உங்களிடமிருந்து கிடைத்து ஒரு மணித்தியாலத்தில் முழுப் பட்டியலைத் தருவேன்.

நேரம் இரண்டாகப் பிரிந்திருப்பதைப் பாருங்கள். முதலாவது என் கையில் இருப்பது, அதற்கு மணி சொல்லலாம். இரண்டாவது அவர் விலை தருவதில் தங்கியிருக்கிறது. அதற்கும் சேர்த்து "3 மணி" என்று சொன்னால், அவர் நாளைக்கு விலை தந்தாலும் பிந்தியவர் நீங்கள்தான்.

`VLOOKUP` கதையை வாடிக்கையாளருக்கு எழுதத் தேவையில்லை. பக்கத்து விலை விழுந்தது என்றால் கடைக்காரருக்கு விளங்கும். சப்ளையர் முழுப் பட்டியல் தரவில்லை என்று அவர் தலையில் போடவும் வேண்டாம், இல்லாததை இல்லை என்று காட்டியிருக்க வேண்டியது என் வேலை. திருத்திய நேரத்துக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் முதல் செய்தியிலேயே "காசு வேண்டாம்" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. லேபல் நிற்கிற நேரத்தில் அவருக்கு அது தேவையில்லாத கதை.

பிற்சேர்க்கை

இதை வாசித்த ஒருவர், திருத்திய பைலைச் சரியான நேரத்துக்கு அனுப்பியும் வாடிக்கையாளர் பழையதையே திறந்து அச்சடித்துவிட்டார் என்று எழுதியிருந்தார். இரண்டு பைலுக்கும் ஒரே பெயர். போனில் இறங்கிய பழைய பைல், வட்ஸ்அப்பில் நீங்கள் செய்தியை அழித்தாலும் அங்கே இருக்கலாம். அழிப்பது எதையோ மறைப்பது போலவும் தெரியும். நான் பழையதை அப்படியே விட்டு, புதியதற்கு `price_list_v2.xlsx` என்று பெயர் வைக்கிறேன். முதல் வரியிலேயே மஞ்சள் நிறத்தில் திகதியையும், "வெள்ளிக்கிழமைப் பட்டியலுக்குப் பதிலாக" என்பதையும் எழுதுகிறேன். பைலோடு போகும் செய்தியில் ஒரு சோதனையும் கேட்கிறேன்: "திறந்ததும் 1047ஐப் பாருங்கள். விலை வெறுமையாக இருந்தால் சரியான பைல், 1.35 என்று இருந்தால் பழையது."