ஆர்டி முதிர்வுத் தொகை சரிதானா? பாஸ்புக்கை வைத்தே பார்த்துவிடலாம்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ஓணச் செலவுக்கென்று ஒரு வருட ஆர்டி போடுகிறவர்கள் முதிர்வன்று கேட்பது ஒன்றுதான்: 7% என்றார்கள், 24,000 கட்டியதற்கு 924 ரூபாய்தானா, 3.85% தானே வருகிறது?

வங்கி ஏமாற்றவில்லை. முதல் தவணை 12 மாதம் கிடந்தது, கடைசித் தவணை ஒரே மாதம், சராசரி ஆறரை மாதம்தான், அதனால் மொத்தத்தால் வகுத்தால் வட்டி பாதியாகத்தான் தெரியும். மாதம் 2,000, காலாண்டு கூட்டுவட்டி, 4 காலாண்டு என்றால் எக்செல்லில் இதைப் போடுங்கள்:

```
=2000*((1+7/400)^4-1)/(1-(1+7/400)^(-1/3))
```

24,924 வரும். இரண்டு வருடம் என்றால் 4-க்குப் பதில் 8, அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சூத்திரம் ஒவ்வொரு தவணையும் அதே தேதியில் விழுந்ததாக நினைத்துக்கொள்கிறது. பாஸ்புக்கில் இரண்டு மூன்று தவணை தள்ளி விழுந்திருந்தால் தாமதக் கட்டணம் பிடித்திருப்பார்கள், தொகை குறையும். அப்போது பாஸ்புக் தேதிகளை ஒரு பத்தியில், தவணைகளை மைனஸ் குறியோடு அடுத்த பத்தியில், கடைசி வரியில் கைக்கு வந்த தொகையை பிளஸ்ஸாக எழுதி, தேதிகளை வைத்து வருட வட்டி விகிதத்தைக் கணக்கிடும் XIRR சூத்திரத்தைப் போடுங்கள். தேதி தவறாமல் கட்டியிருந்தால் சுமார் 7.19% காட்டும், காலாண்டுக் கூட்டலால் 7-ஐவிட கொஞ்சம் கூடுதல். அதைவிட நன்றாகக் குறைந்தால் முதலில் டிடிஎஸ் வரி இருக்கிறதா பாருங்கள், அது வட்டிக் குறைவு இல்லை, அந்தத் தொகையைக் கூட்டிவிட்டு மறுபடி போடுங்கள். அப்புறமும் இடித்தால் பாஸ்புக்கோடு கவுண்டருக்குப் போகலாம்.