மேல்மாடி ரீவியில் படம் உறைந்து உறைந்து வருகிறதா? குவெரியர் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரே சுவிட்சில் மாட்டிய ரீவிகளில் படம் நன்றாக ஓடும். இன்னொரு சுவிட்சைத் தாண்டிப் போகும்போது மட்டும், ஓடிக்கொண்டே இருந்துவிட்டு சட்டென உறையும், சில நிமிஷத்தில் யாரும் கை வைக்காமலே திரும்ப வரும். மல்டிகாஸ்டில் வீடியோ அனுப்பும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது, பெரும்பாலும் காரணமும் ஒன்றுதான்: எந்தப் போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்று சுவிட்ச் கவனிக்கும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஓடுகிறது, யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் குவெரியர் இல்லை. இதை எப்படி உறுதி செய்வது, எப்படிச் சரி செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். சுவிட்சுக்குள் லொகின் பண்ணத் தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு வெள்ளவத்தையில் நான் பார்த்த ஒரு கலியாண மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். மணவறைக்கு முன்னால் நிற்கும் கமராவின் படம் கீழ்மாடியில் ஒரு என்கோடருக்குள் போகிறது, அது 8 எம்பிபிஎஸ் அளவில் 239.10.10.1 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு அனுப்புகிறது. கீழே ஒரு சுவிட்ச், சாப்பாட்டு மண்டபம் இருக்கும் மேல்மாடியில் இன்னொன்று, இரண்டையும் 24ஆம் போர்ட்டில் ஒரு வயர் இணைக்கிறது. ரீவிகள் எல்லாம் வீலான் 20 என்று சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வேர்க்கில். அந்த வீலானில் ரவுட்டர் கிடையாது, ரீவிக்கு இன்டர்நெட் எதற்கு என்று விட்டிருந்தார்கள். "அண்ணா, வயரை மாத்தினால் கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, பிறகு பழையபடி" என்றார் அங்கே சவுண்ட் பார்க்கும் தம்பி. அவர் சொன்னது உண்மைதான், ஏன் என்று கீழே வரும்.

உள்ளே என்ன நடக்கிறது

மல்டிகாஸ்டில் என்கோடர் ஒரு பிரதிதான் அனுப்பும். யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது சுவிட்சின் வேலை. ரீவிப் பெட்டியை ஓன் பண்ணியதும் அது "எனக்கு 239.10.10.1 வேண்டும்" என்று ஒரு ஐஜிஎம்பி ரிப்போர்ட் அனுப்பும், சுவிட்ச் அதைக் கவனித்து, எந்தப் போர்ட்டில் இருந்து வந்தது என்று அட்டவணையில் எழுதிக்கொள்ளும். ஸ்னூப்பிங் என்பது இவ்வளவுதான்.

ஆனால் பெட்டி இதை ஆரம்பத்தில் ஓரிரு தடவைதான் சொல்லும். பிறகு யாராவது கேட்டால்தான் திரும்பச் சொல்லும். வகுப்பில் ஆசிரியர் இடாப்பு கூப்பிடுகிற மாதிரி, "யார் யாருக்கு என்ன வேண்டும்" என்று குறித்த இடைவெளியில் எல்லோரையும் கேட்பதுதான் குவெரியரின் வேலை. நியமப்படி இந்தக் கேள்வி 125 வினாடிக்கு ஒருமுறை 224.0.0.1 என்ற முகவரிக்குப் போகும், பதில் சொல்ல 10 வினாடி அவகாசம். இரண்டு சுற்றும் அந்த 10 வினாடியும் கடந்தும் பதில் இல்லையென்றால், அதாவது 260 வினாடியில், அட்டவணையில் இருந்து பெயர் அழிந்துவிடும். சாதாரணமாக மல்டிகாஸ்ட் ரவுட்டிங் செய்யும் ரவுட்டர்தான் குவெரியராக இருக்கும். வீலானில் அப்படி ஒரு ரவுட்டர் இல்லையென்றால் கேட்க ஆளே இல்லை. வீட்டு இன்டர்நெட்டுக்குக் கொடுக்கும் சின்ன ரவுட்டரை மாட்டிவிட்டு இது பார்த்துக்கொள்ளும் என்று நம்பவும் முடியாது, அவற்றில் பல உள் நெட்வேர்க்குக்குள் கேள்வி அனுப்புவதே இல்லை.

கேட்க ஆள் இல்லாததால் இன்னொரு பிரச்சினையும் வருகிறது, சுவிட்ச் தாண்டும்போது மட்டும் படம் கெடுவது அதனால்தான். மேல் சுவிட்ச் தன்னிடம் வரும் ரிப்போர்ட்டை எல்லாப் பக்கமும் அனுப்பாது, கேள்வி எந்தப் போர்ட்டில் இருந்து வந்ததோ அந்தப் பக்கம் மட்டும்தான் அனுப்பும். கேள்வியே வராவிட்டால் அனுப்ப வழி தெரியாது. ஆகவே மேலே ஒரு ரீவி காத்திருக்கிறது என்று கீழ் சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது மண்டபத்தில் நடந்ததைப் பாருங்கள். முதலில் மேல்மாடி ரீவி மட்டும் ஓடுகிறது, படம் வருகிறது. கீழ் சுவிட்சின் அட்டவணையில் இந்த முகவரியே இல்லை, அப்படி யாரும் கேட்காத முகவரிக்கு வருவதைப் பல சுவிட்சுகள் எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டிவிடும், மேலே வந்தது அப்படிக் கொட்டியதுதான். பிறகு கீழ்மாடியில் யாரோ ஒரு ரீவியை ஓன் பண்ணுகிறார்கள். உடனே கீழ் சுவிட்ச் "239.10.10.1 ஐந்தாம் போர்ட்டுக்கு" என்று எழுதிக்கொண்டு, கொட்டுவதை நிறுத்தி அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. மேல்மாடி உறைகிறது. கீழ் ரீவியை யாரும் திரும்பக் கேட்காததால் 260 வினாடியில் அதன் பெயரும் அழிகிறது, சுவிட்ச் பழையபடி எல்லாப் பக்கமும் கொட்டுகிறது, மேல்மாடியில் படம் திரும்ப வருகிறது. வயரை மாற்றுவதும் சுவிட்சை ரீபூட் பண்ணுவதும் அட்டவணையை அழித்துவிடும் அல்லது கொஞ்ச நேரம் கொட்ட வைக்கும். அதனால்தான் அது மருந்து போலத் தெரிகிறது.

படி 1: அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள்

மேல்மாடி ரீவியை ஓட விட்டு, கீழ்மாடி ரீவி ஒன்றை ஓன் பண்ணுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். அந்தக் கணத்தில் மேலே உறைந்து, நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் திரும்ப வந்தால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. உங்கள் சுவிட்சில் அந்த நேரம் வேறாக வைக்கப்பட்டிருக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருக்கும். யாரும் கேட்காததைக் கொட்டாமல் வெட்டிவிடும் சுவிட்ச் என்றால் படம் திரும்ப வராமலே இருந்துவிடும்.

படம் உறையாமல், எந்நேரமும் கட்டம் கட்டமாக உடைந்து வந்தால் அது வேறு கதை: எங்கோ ஸ்னூப்பிங் ஓஃப் ஆகி, எல்லாப் படமும் எல்லாப் போர்ட்டுக்கும் போய், 100 எம்பிபிஎஸ் போர்ட்டையோ வைஃபையையோ நிரப்பிக்கொண்டிருக்கலாம்.

படி 2: கேள்வி வருகிறதா என்று காது கொடுங்கள்

ஒரு லாப்டொப்பை மேல் சுவிட்சில், வீலான் 20 போர்ட் ஒன்றில் மாட்டுங்கள். வைஃபையை மறக்காமல் ஓஃப் பண்ணுங்கள், இல்லாவிட்டால் லாப்டொப்பின் ரிப்போர்ட் வயரை விட்டு வைஃபை வழியாகப் போய்விடும். லினக்ஸில்:

```
sudo tcpdump -ni eth0 igmp
```

விண்டோஸில் வயர்ஷார்க்கைத் திறந்து, ஃபில்டரில் `igmp` என்று போட்டால் போதும். இப்போது விஎல்சி பிளேயரில் இதைத் திறவுங்கள்:

```
udp://@239.10.10.1:5000
```

போர்ட் எண் உங்கள் என்கோடரில் என்னவோ அது. உங்கள் லாப்டொப்பின் ரிப்போர்ட் உடனே தெரியும். மற்ற ரீவிகளின் ரிப்போர்ட் தெரியாது, ஸ்னூப்பிங் ஓடும் சுவிட்சில் அது இயல்புதான், பயப்பட வேண்டாம். நாங்கள் தேடுவது இந்த மாதிரி ஒரு வரியை:

```
IP 192.168.20.2 > 224.0.0.1: igmp query v2
```

குறைந்தது ஐந்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். ஒன்றுகூட வரவில்லையா? குவெரியர் இல்லை. மண்டபத்தில் அந்த ஐந்து நிமிஷமும் திரையில் எங்கள் சொந்த ரிப்போர்ட் மட்டும்தான் நின்றது.

படி 3: சுவிட்சையும் கேளுங்கள்

சிஸ்கோ கற்றலிஸ்ட் என்றால்:

```
show ip igmp snooping querier
show ip igmp snooping mrouter
show ip igmp snooping groups
```

முதலாவதில் வீலான் 20 இல்லாமல் இருக்கும். இரண்டாவது, கேள்வி வரும் போர்ட் எது என்று சொல்வது. மேல் சுவிட்சில் இது வெறுமையாக இருந்தால் ரிப்போர்ட்டுகள் அங்கேயே முடங்குகின்றன என்று அர்த்தம். பிரவுசரில் திறக்கும் சுவிட்சுகளில் `IGMP Snooping` என்ற மெனுவுக்குள் இதே விஷயங்கள் இருக்கும்.

படி 4: குவெரியரை ஓன் பண்ணுங்கள்

எந்தச் சுவிட்சில் என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குவெரியர் இருக்கும் பக்கத்துக்கு ரிப்போர்ட் மட்டுமல்ல, வீடியோவும் போகும். மேல் சுவிட்சில் வைத்தால், யாரும் பார்க்காத படங்கள்கூட மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே என்கோடர் மாட்டிய கீழ் சுவிட்சில்தான் வைக்க வேண்டும்.

```
configure terminal
ip igmp snooping querier
ip igmp snooping querier address 192.168.20.2
ip igmp snooping querier version 2
end
```

அந்த முகவரி வீலான் 20க்குள், வேறு எவரும் பாவிக்காததாக இருக்கட்டும். முகவரி கொடுக்காமல் விட்டால் சில சுவிட்சுகள் 0.0.0.0 என்ற பெயரில் கேள்வி அனுப்பும், அப்படி வரும் கேள்வியை வைத்து மேல் சுவிட்ச் குவெரியர் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்காது, நீங்களோ எல்லாம் செய்துவிட்டோமே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பதிப்பு 2 போட்டதற்குக் காரணம், ரீவிப் பெட்டிகள் பலவும் அதைத்தான் பேசுகின்றன, 3 பேசுபவையும் 2க்கு இறங்கி வரும்.

மேல் சுவிட்சில் ஸ்னூப்பிங் மட்டும் ஓனில் இருக்கட்டும். இரண்டிலும் குவெரியரை ஓன் பண்ணினாலும் உடையாது, சிறிய ஐபி உள்ளதுதான் வெல்லும், மற்றது ஒதுங்கிவிடும். கீழ் சுவிட்ச் விழுந்தால் மேலது எடுத்துக்கொள்ளும் என்று அப்படிச் செய்பவர்களும் உண்டு. இங்கே என்கோடரே கீழ் சுவிட்சில் இருப்பதால் அதில் பயன் இல்லை.

படி 5: பொறுத்திருந்து பாருங்கள்

உடனே படம் வந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஏனென்றால் பழுது இருந்தபோதும் படம் வந்தது. லாப்டொப்பில் `igmp query` வரி சீரான இடைவெளியில் வருகிறதா, அதைத் தொடர்ந்து சில வினாடிக்குள் உங்கள் ரிப்போர்ட் போகிறதா என்று பாருங்கள். மேல் சுவிட்சின் `mrouter` பட்டியலில் 24ஆம் போர்ட் வர வேண்டும். கீழ் சுவிட்சின் `groups` பட்டியலில் 239.10.10.1க்கு நேரே ஐந்தாம் போர்ட்டோடு 24உம் சேர்ந்து நிற்க வேண்டும். மேலே ஒருவர் இருக்கிறார் என்று கீழ் சுவிட்சுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு அந்த 24தான் சாட்சி. அப்புறம் கீழ் ரீவியை ஓஃப், ஓன் பண்ணிவிட்டு மேலே பத்து நிமிஷம் பாருங்கள்.

இன்னும் உறைந்தால்

கேள்வி கீழே தெரிகிறது, மேலே தெரியவில்லை என்றால், இரண்டையும் இணைக்கும் வயரின் போர்ட்டில் வீலான் 20 அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனால் ஒரு ரீவியை ஓஃப் பண்ணினால் பக்கத்து ரீவி உறைகிறது, அடுத்த கேள்வி வந்ததும் திரும்ப வருகிறது என்றால் `Fast Leave` அல்லது `Immediate Leave` என்ற அமைப்பைத் தேடுங்கள். ஒருவர் "போதும்" என்றதும் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்காமலே போர்ட்டை வெட்டும் அமைப்பு அது. ஒரு போர்ட்டில் ஒரு பெட்டி என்றால் நல்லது. அந்தப் போர்ட்டில் இன்னொரு சுவிட்ச் தொங்கினால் ஓஃப் பண்ண வேண்டும்.

இன்னொன்று, 239.0.0.1, 239.128.0.1 போன்ற முகவரிகளைத் தவிருங்கள். சுவிட்ச் மட்டத்தில் அவை 224.0.0.1இன் அதே மெக் முகவரிக்கு, 01:00:5e:00:00:01க்கு, போய்ச் சேரும். அதை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பியே ஆக வேண்டும் என்பதால் ஸ்னூப்பிங் அங்கே வேலை செய்யாது.

ஸ்னூப்பிங்கையே ஓஃப் பண்ணிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே ஒரு 8 எம்பிபிஎஸ் படம் என்றால் ஓடும். பத்துப் பன்னிரண்டு சனல்கள் வந்தால் 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள பெட்டிகள் தடுமாறும், அதே வீலானில் வைஃபை இருந்தால் ஒரு படமே அதைத் திணறடிக்கும், ஏனென்றால் வைஃபையில் மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில்தான் போகும்.

கடைசியாக இதையும் அடித்துவிட்டு லாப்டொப்பைக் கழற்றுங்கள், இல்லையென்றால் ஒருமுறை கரண்ட் போய் வந்ததும் குவெரியர் காணாமல் போயிருக்கும்:

```
copy running-config startup-config
```