புகைத்த கையோடு பூனையைத் தூக்காதீர்கள்

வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும், மேல்சட்டையை மாற்றி, சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவிய பிறகே பூனையைத் தொடுங்கள். புகைப்பதற்கென்றே ஒரு பழைய சட்டையை வாசலுக்கு வெளியே கொடியில் மாட்டி வைத்தால் வேலை சுலபம். வீட்டுக்குள் புகைப்பவர் இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பூனையின் முடியை அது படிந்திருக்கும் திசையிலேயே தினமும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். துணியில் கிருமிநாசினியோ பினாயிலோ வேண்டாம், அவை பூனைக்கு நஞ்சு.

புகையின் படிவு சட்டை, சோபா, தரைவிரிப்பு எல்லாவற்றிலும் ஒட்டி, அங்கிருந்து பூனையின் முடிக்கு வருகிறது. நாளெல்லாம் உடம்பை நக்கும் பூனை அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. புகைப்பவர் வீட்டுப் பூனைகளுக்கு லிம்போமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

கூண்டுப் பறவைக்கு இந்த வழி போதாது. அதன் மூச்சுமண்டலம் காற்றிலுள்ளதை நம்மைவிட வேகமாக உறிஞ்சுவதால், பக்கத்து அறையில் புகைத்தாலும் பாதிக்கும். ஜன்னலைத் திறப்பதும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதும் அரைகுறைதான். நாய்க்கோ பெரிய ஆபத்து ஆஷ்ட்ரே. சிகரெட் துண்டைத் தின்றுவிட்டு வாந்தி, எச்சில் ஒழுகல், நடுக்கம் தெரிந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.