வீட்டுப் பனீர்: குழம்புக்கு மெத்தென்று, டிக்காவுக்குக் கெட்டியாக

ஒரே பாலில் இரண்டு விதமான பனீரும் எடுக்கலாம். எந்தச் சூட்டில் பாலைத் திரிக்கிறோம், எவ்வளவு நேரம் எடை வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

1 லிட்டர் கொழுப்பு நிறைந்த பால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட், அதில் 6% கொழுப்பு இருக்கும். நீலப் பாக்கெட்டில் 3% தான். பனீர் குறைவாகக் கிடைக்கும், ரப்பர் போலவும் ஆகும். மாதக்கணக்கில் கெடாத டெட்ரா பேக் பால் வேண்டாம், சரியாகத் திரளாது.

அடுத்தது புளிப்பு. எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், வாசனையும் கொஞ்சம் தங்கும். வினிகர் சட்டென்று திரிக்கும், ஆனால் நன்றாகக் கழுவாவிட்டால் நெடி போகாது. தயிர் சுவைக்கு நல்லது, அரை கப்புக்கு மேல் பிடிக்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது சிட்ரிக் அமிலம்தான், ஏனென்றால் அளவு மாறாது. அரை டீஸ்பூனை (சுமார் 2 கிராம்) 200 மில்லி வெந்நீரில் கரைத்து வையுங்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்தால் பாலின் சூடு இறங்கிவிடும்.

பாலை அடிபிடிக்காமல் கிளறிப் பொங்கவிட்டு அடுப்பை அணையுங்கள். மெத்தென்ற பனீருக்கு 70–75 டிகிரி வரை ஆறவிட வேண்டும். கெட்டிப் பனீருக்கு 85 டிகிரியிலேயே திரிக்கலாம். சூடு கூடக்கூடத் திரளை இறுகி, உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இந்த இடத்தில் ஊகமே தேவையில்லை.

இனி அமிலக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றி, மெதுவாக ஒரு சுற்றுக் கிளறுங்கள். தண்ணீர் தெளிந்து இளம் பச்சை கலந்த மஞ்சளாக மாறியதும் நிறுத்துங்கள், கரைசல் மீதமிருந்தாலும் சரி. இதுதான் மிக முக்கியமான அடையாளம். தண்ணீர் வெள்ளையாகவே இருந்தால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றலாம். தெளிந்த பிறகும் ஊற்றினாலோ, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டாலோ திரளை மணல் மணலாக உதிரும்.

ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். எலுமிச்சையோ வினிகரோ சேர்த்திருந்தால் மட்டும் வெந்நீரில் ஒருமுறை அலசுங்கள். சூடு ஆறுவதற்குள் துணியைச் சதுரமாக மடித்து எடை வைக்க வேண்டும். ஆறிய திரளை ஒன்றோடொன்று ஒட்டாது, வெட்டும்போது உடைந்துபோகும். பாலக் பனீர் போன்ற குழம்புக்கு 2 கிலோ எடை, 20 நிமிடம் போதும். டிக்காவுக்குக் கம்பியில் குத்த வேண்டுமே, அதற்கு 4 கிலோ, ஒரு மணி நேரம்.

எடையை எடுத்த கையோடு வெட்டாதீர்கள். கட்டியைக் குளிர்ந்த நீரில் போட்டு, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகி, துண்டுகள் ஓரம் உடையாமல் வரும். 1 லிட்டருக்கு ஏறக்குறைய 180–200 கிராம் கிடைக்கும். கெட்டிப் பனீர் சற்றுக் குறையும். தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.